சிறுகதை: கவலை இறைத்த கதை (படித்துவிட்டுக் குறை சொல்லுங்கள்)

ஒற்றைப்பனை

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டுக்காரன், பிழைப்பு சென்னையில். சிறுகதை ஒன்று எழுதியிருக்கிறேன். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடுவதை நான் கண்ணால் பார்த்ததில்லை. சிறு வயதில் அப்புச்சி சொன்னதை நினைவில் வைத்து எழுதினேன். அவர் இப்போது இல்லை, கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

காங்கேயம் பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. யாழினி ஓடிப்போய் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். முன் இருக்கையில் தெரிந்த முகம் ஒன்று அகப்பட்டதும் அப்புச்சி பேச்சில் இறங்கிவிட்டார்.

"நாமெல்லாம் கோழி கூப்பிடும் முன்பே எழுந்து கவலை இறைத்தவர்கள். இப்போது என் மருமகன் கட்டிலில் படுத்துக்கொண்டே செல்போனில் மோட்டாரைப் போடுகிறான்."

யாழினி அவர் சட்டையை இழுத்தாள். "அப்புச்சி, கவலையை எதற்கு இறைத்தீர்கள்?"

"தண்ணீருக்குத்தான் கண்ணு."

"கவலைப்பட்டால் தண்ணீர் வருமா?"

"கண்ணில் வரும்" என்றார் முன் இருக்கைக்காரர்.

அப்புச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. பேத்திக்கு விளக்கிக் காட்ட ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார். கண்டக்டரின் தோல் பையின் மேல் கண் போயிற்று. "தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் கொடு." "பெரியவரே, உள்ளே வசூல் பணம் இருக்கிறது" என்று கண்டக்டர் பையை அணைத்துக்கொண்டார்.

யாழினியின் மழைக்கோட்டு மடியில் கிடந்தது. அதன் ஒரு கையை எடுத்து, இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்தார். நடுப்பகுதி 'ப' எழுத்துப் போலத் தொங்கியது. "உன் பாட்டில் தண்ணீரை இதில் ஊற்று." ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"ஒரு முனை சால் என்று வைத்துக்கொள். கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மொள்ளும் பெரிய வாளி. மறு முனை அதன் அடியில் தைத்த தோல் வால். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும்வரை தண்ணீர் எங்கும் போகாது. மேலே வந்ததும் வால் மட்டும் இப்படித் தாழும்." மறு முனையைத் தாழ்த்தினார். தண்ணீர் சரசரவென்று முன் இருக்கைக்காரரின் வேட்டியில் கொட்டியது.

"இப்போது உன் கண்ணில் வருகிறதா?" என்றார் அப்புச்சி.

பஸ் கிளம்பியது. மேட்டில் முக்கி முனகி ஏறும்போது அப்புச்சி சொன்னார்: "இப்படித்தான் மாடுகளும். வடத்தை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க மேடேறும். மேலே போனதும் சால் கொட்டும். இறக்கத்தில் ஓடி வரும். ஒரு நாளில் ஐந்து ஏக்கர் நெல்லுக்குப் பாய்ச்சிவிடுவேன்."

"அதற்கு ஏன் கவலை என்று பெயர்?"

அப்புச்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "மழை வருமா, கிணறு ஊறுமா என்று தினமும் கவலைப்பட்டுக்கொண்டே இறைத்தோம் கண்ணு. அந்தக் கவலைதான் அதற்கும் பெயராகிவிட்டது." யாழினி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் ஒரு சால் தண்ணீர் நிறைந்திருந்தது.

---

செக்கடித்தெரு

மழைக்கோட்டுக் கை அருமை. வேட்டியில் கொட்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசிப் பத்தி மட்டும் வானொலி நாடகம் போல இருக்கிறது. "கண்ணில் ஒரு சால் தண்ணீர்" படித்ததும் நான் கண்ணைத் துடைக்கவில்லை, முகத்தைச் சுளித்தேன்.

---

மேழிக்காரர்

தம்பி, எனக்கு 76 வயது. தாராபுரத்துக்குப் பக்கம். 12 வயதிலிருந்து எங்கள் தோட்டத்தில் மின்சாரம் வரும்வரை கவலை ஓட்டியவன். கதையில் ஒரு விஷயம் மிகச் சரி, ஒன்று தலைகீழ்.

சரியானது அந்தக் கோட்டுக் கை. பலர் ஒரு பக்கம் எழுதியும் புரியவைக்க முடியாததை இரண்டு வரியில் காட்டிவிட்டீர்கள். அதில் கை வைக்காதீர்கள்.

தலைகீழானது மாடு மேடேறுவது. இழுக்கும்போது மாடு இறங்கும், ஏறாது. கிணற்று மேட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவாகப் பள்ளம் வெட்டியிருப்போம். மாடுகள் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் சரிவில் கீழே நடக்கும். அவற்றின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். அதுவும் போதாதென்று ஓட்டுபவன் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன் எடையும் சேர்ந்து இழுக்கும். மேட்டில் ஏறி இழுக்கச் சொன்னால் எந்த மாடும் ஒரு மணி நேரம் தாங்காது.

சால் கொட்டிய பிறகுதான் மாடு மேடேறும். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அல்ல. கட்டியது கட்டியபடியே பின்னோக்கி நடந்து ஏறும். வெறும் சால் தன் எடையில் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கவலை பழக்குவதில் சிரமமே இந்தப் பின்னடைதான். புது மாடு முன்னால் இழுக்க ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். பின்னால் நடக்கச் சொன்னால் கழுத்தைத் திருப்பிக்கொண்டு குறுக்கே நிற்கும். பழகிய கிழட்டு மாட்டோடு ஜோடி சேர்த்துத்தான் அதைப் பழக்குவோம்.

---

கருவேலங்காடு

நான் விருதுநகர்ப் பக்கம். எங்கள் ஊரில் கமலை என்றுதான் சொல்வோம், கவலை அல்ல. சாலுக்குக் கூனை என்று பெயர். ஆனால் மாடு பின்னால் நடப்பது எனக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. கீழே போனதும் வடத்தைக் கழற்றிவிட்டு மாட்டைத் திருப்பி ஓட்டி வருவார்கள் என்றுதான் கேள்வி. அப்பா சொன்னதாக நினைவு.

---

மேழிக்காரர்

சாலுக்குச் சால் கழற்றி மாட்டினால் விடிவதற்குள் பத்துச் சால்கூட இறைக்க முடியாது. இரண்டு ஜோடி மாடு மாற்றி மாற்றி ஓட்டும் இடங்களில் அப்படி உண்டு என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு அது ஆகாது. உங்கள் அப்பாவை எதற்கும் மறுபடி கேளுங்கள்.

---

நூலகப்பூனை

கமலை என்பதே மூலச் சொல். கிணற்று மேல் இருக்கும் உருளை தாமரை போல இருப்பதால் கமலம், அதிலிருந்து கமலை. கொங்கு மக்கள் அதைக் கவலை என்று திரித்துவிட்டார்கள். ஒற்றைப்பனை, உங்கள் தாத்தா சொன்ன "கவலைப்பட்டதால் கவலை" என்பது வெறும் கற்பனை.

---

ஒற்றைப்பனை

மேழிக்காரர் ஐயா, மிக்க நன்றி. மாடு பின்னால் நடக்கும் என்று அப்புச்சி சொன்னதே இல்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருப்பார்.

நூலகப்பூனை, "கவலைப்பட்டதால் கவலை" அவர் சொன்னதல்ல. நானாகச் சேர்த்தது. ஒப்புக்கொள்கிறேன்.

---

பூவரசு

ஐயா, எங்கள் கிணறு 60 அடி. கவலை அமைக்க மானியம் கிடைக்குமா? எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? கரண்ட் அடிக்கடி போய்விடுகிறது.

---

செக்கடித்தெரு

பூவரசு, இது கதை விமர்சன இழை. ஆனாலும் உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.

---

மேழிக்காரர்

பூவரசு தம்பி, மானியத்தை விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவு தூரம் மாடு நடந்தாக வேண்டும். தண்ணீர் 60 அடியில் என்றால் சரிவும் 60 அடிக்கு மேல் வேண்டும். அத்தனை நீளச் சரிவைத் தோண்ட இடம் இருக்கிறதா? எங்கள் கிணற்றில் மாசி மாதம் 25 அடியில் கிடக்கும் தண்ணீர் சித்திரையில் 35 அடிக்குப் போகும். வடத்தை நீட்டலாம், ஆனால் மாடு நடக்கும் பள்ளத்தையும் நீட்ட வேண்டும். நீட்ட நீட்ட ஒரு சாலுக்கு ஆகும் நேரமும் கூடும். மாட்டின் காலும் தளரும். கோடையில் கவலை நின்றுபோவது கிணறு வற்றியதால் மட்டும் அல்ல.

---

கணக்குவாத்தியார்

கதையில் எனக்கு உறுத்தியது வேறு. "ஒரு நாளில் ஐந்து ஏக்கர் நெல்." மேழிக்காரர் ஐயா, உங்கள் சாலில் எத்தனை குடம் பிடிக்கும்? ஒரு சாலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

---

மேழிக்காரர்

எட்டுக் குடம் என்று சொல்வோம். இறங்கிக் கொட்டி, பின்னால் நடந்து, மறுபடி மொள்ள எப்படியும் ஒரு நிமிடம் ஆகும். வேகமான மாடு என்றால் கொஞ்சம் குறையும்.

---

கணக்குவாத்தியார்

சரி. குடம் 12, 13 லிட்டர் என்றால் ஒரு சால் சுமார் 100 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு சால், மணிக்கு 60 சால், 6,000 லிட்டர். விடியலில் நான்கு மணி நேரம் இறைத்தால் 24,000 லிட்டர்.

இப்போது நிலத்துக்கு வருவோம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஐந்து ஏக்கருக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது பத்தாயிரம் சால். மணிக்கு 60 சால் என்றால் இரவு பகலாக மாட்டை நிறுத்தாமல் ஓட்டினாலும் முழுதாக ஏழு நாள். வாய்க்காலில் மண் உறிஞ்சுவதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

உண்மையில் நான்கு மணி நேர இறைப்பில் நனைவது 12 சென்ட். மாலையிலும் அதே அளவு இறைத்தால் நாளுக்கு 24 சென்ட். பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் போதும் என்கிற பயிராக இருந்தால், ஒரு ஜோடி மாட்டை வைத்து இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகக் காப்பாற்றலாம். நெல்லுக்கு நடக்காது.

---

மேழிக்காரர்

வாத்தியார் காகிதத்தில் போட்டதை நாங்கள் முதுகெலும்பில் போட்டோம். கணக்கு சரி. எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம் இருந்தது. ஒற்றைக் கவலைக் கிணறு. ஒரே நேரத்தில் இரண்டு ஏக்கருக்கு மேல் பயிர் இருந்ததே இல்லை. ராகி, மிளகாய், பருத்தி, ஒரு மூலையில் வெங்காயம். கவலைத் தண்ணீரில் நெல் நட்டால் ஊர் சிரிக்கும். பெரிய கிணற்றில் இரண்டு கவலை, நான்கு கவலைகூடப் பூட்டுவார்கள். அங்கேயும் நெல்லுக்கு யோசிப்பார்கள்.

பாத்தியைச் சிறிதாகக் கட்டுவதன் காரணமும் இதுதான். நூறு லிட்டர் தவணை தவணையாக வருகிறது. பாத்தி பெரிதாக இருந்தால் தண்ணீர் கடைசி வரை ஓடிச் சேராது, வாயிலேயே மண் குடித்துவிடும். மடை திருப்புபவர் ஒருவர் மண்வெட்டியோடு நின்றுகொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. கதையில் அப்புச்சி ஒற்றை ஆளாகப் பாய்ச்சுகிறார், பாருங்கள். ஓட்டுபவன் கவலையை விட்டுவிட்டு மடை திருப்பப் போனால் மாடு நின்றுவிடும்.

---

துலாக்கால்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டங்களிலும் இதுவே இருந்தது, நாங்கள் துலா என்போம். என் அம்மப்பா துலா மிதித்தவர். பெரிய மரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து இறக்குவார், ஏற்றுவார். பட்டை என்பது பனையோலையில் செய்த வாளி. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அப்படித்தான் இறைத்தார்கள். ஒருமுறை கால் இடறி விழுந்து கை முறிந்ததை அம்மா இன்றைக்கும் சொல்லுவார். எனக்கு மட்டும் மாடு எங்கே வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

---

மேழிக்காரர்

நீங்கள் சொல்வதை நாங்கள் ஏற்றம் என்போம், ஐயா. அதில் ஆள்தான் மாடு. மரத்தில் நடக்கும் ஆளின் எடையால் சால் மேலே வரும். தண்ணீர் மேலாக இருக்கும் இடத்துக்குச் சரி. ஆழம் கூடக் கூட மரத்தின் நீளம் போதாது. எங்கள் பக்கம் பாறைக் கிணறு, தண்ணீர் ஆழம். அதனால்தான் மாடு.

அம்மப்பா கை சரியாகிவிட்டதா?

---

துலாக்கால்

சரியானது. ஆனால் அந்தக் கையால் சோற்றுக் கவளம் பிடித்தால் மணிக்கட்டு கொஞ்சம் வளைந்தே இருக்கும். விளக்கத்துக்கு நன்றி.

---

செம்மண்

இதுவரை எழுதிய யாரும் தோலைப் பற்றிப் பேசவில்லை. பேசாதது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் தாத்தா கவலைக்கு வால் தைத்தவர். இந்தக் கதையில் வரும் "அடியில் தைத்த தோல் வால்" தானாகத் தைத்துக்கொள்ளவில்லை. சால் இரும்புத் தகடாக மாறிய பிறகும் வால் தோலாகத்தான் இருந்தது, ஏனென்றால் அது மடங்க வேண்டும். மாட்டுத் தோலை ஊறவைத்து, பதப்படுத்தி, குழாயாகத் தைத்து, சாலின் அடியில் இருக்கும் ஓட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். எண்ணெய் காட்டாமல் பத்து நாள் காயவிட்டால் மடிப்பில் வெடித்துவிடும். வெடித்த அன்றே ஆள் அனுப்புவார்கள். தாத்தா சாப்பிடாமல்கூட ஓடியிருக்கிறார். கூலி அறுவடையின்போது தானியமாக வரும். எத்தனை மூட்டை வரும் என்பது தோட்டத்துக்காரரின் மனம்.

அந்தக் கிணற்றில் அவர் இறங்கித் தண்ணீர் எடுக்கக் கூடாது. அவர் தைத்த தோலுக்குள் புகுந்து வரும் தண்ணீரை வாய்க்காலில் ஓடும்போது ஓரமாக நின்று கையேந்திக் குடிக்க வேண்டும். அதற்கும் கேட்டுவிட்டுத்தான்.

கதையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. அப்புச்சியின் சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

---

மேழிக்காரர்

நான் வாத்தியாருக்கும் மற்றவர்களுக்கும் இத்தனை பத்தி எழுதிவிட்டு இதை விட்டுவிட்டேன். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் நடந்தது, அம்மா. வால் தைக்க வந்தவரின் முகம் நினைவிருக்கிறது. அவர் பெயரை நாங்கள் மரியாதையோடு சொன்னதில்லை. என் அப்பா வயதுள்ளவரை நான், 12 வயதுப் பையன், ஒருமையில் கூப்பிட்டேன். வேறு என்ன சொல்ல.

வால் வெடித்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் வேலையின் அருமை அப்போதுதான் தெரியும். வெளியே நிற்கும் நமக்குச் சால் நிறைந்து வருவது போலத்தான் இருக்கும். கிணற்றுக்குள் சத்தம் கேட்டால்தான் தெரியும். நல்ல வால் என்றால் மேலே வரும்போது அங்கொன்று இங்கொன்றாகச் சொட்டும் சத்தம்தான் கேட்கும். வெடித்திருந்தால் மழை பெய்வது போலச் சளசளவென்று கேட்கும். எட்டுக் குடம் மொண்ட சால் மேலே வரும்போது ஐந்து குடம் இருக்கும்.

வால்கயிறு தளர்ந்திருந்தாலும் அதே சத்தம் வரும். இரண்டு கயிறு உண்டு. சாலைத் தூக்கும் வடம் மேல் உருளையில் ஓடும். வாலின் முனையைத் தூக்கிப் பிடிக்கும் மெல்லிய வால்கயிறு, வாய்க்கால் ஓரத்தில் தரையோடு இருக்கும் உருட்டுக் கட்டையில் ஓடும். இரண்டும் மாட்டின் நுகத்தடியில்தான் கட்டியிருக்கும். வால்கயிறு தளர்ந்தால் வாலின் வாய், சாலின் வாயைவிடத் தாழ்ந்துவிடும். கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிடும். ஒற்றைப்பனை கோட்டுக் கையில் மறு முனையைத் தாழ்த்திக் காட்டினார் அல்லவா, அதே சங்கதி கிணற்றுக்குள் நடந்துவிடும். சத்தம் கேட்டால் முதலில் கயிற்றை ஒரு சாண் இழுத்துக் கட்டிப் பார்ப்போம். நின்றால் கயிற்றின் குற்றம். நிற்காவிட்டால் தோலின் குற்றம், ஆள் அனுப்புவோம்.

---

செம்மண்

தாத்தா அந்தச் சத்தத்தைத் தூரத்திலிருந்தே கேட்டுச் சொல்லிவிடுவாராம். ஆள் வரும் முன்பே ஊசியையும் வாரையும் எடுத்து வைத்துவிடுவார் என்று பாட்டி சொன்னார். உங்கள் பதிலுக்கு நன்றி.

---

நூலகப்பூனை

சொல்லுக்குத் திரும்பி வருகிறேன். கன்னடத்தில் இதே சாதனத்தைக் கபிலே என்கிறார்கள் என்று என் நண்பர் சுட்டிக்காட்டினார். நம் பக்கமும் கபிலை என்ற வடிவம் உண்டு. ஆகவே என் தாமரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கபிலைதான் பழையது, அது கவலை, கமலை என்று இரண்டு பக்கமாகத் தேய்ந்திருக்க வேண்டும். விழுங்கு, முழுங்கு என்று வகரமும் மகரமும் மாறி வருவது நமக்குப் புதிதல்ல. கபிலை என்பது பசுவின் நிறத்தைக் குறிக்கும் சொல். மாடு இழுப்பதால் அந்தப் பெயர் வந்திருக்கும்.

---

கருவேலங்காடு

இழுப்பது காளை. கபிலை பசு. உங்கள் தாமரை போன வழியே இதுவும் போகுமோ?

---

நூலகப்பூனை

தோல் பசுத்தோலாக இருந்திருக்கலாம் அல்லவா?

---

கருவேலங்காடு

இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். மூன்று வடிவமும் ஒரே சொல் என்பதை ஏற்கிறேன். எந்தக் கதவு வழியாக வந்தது என்பதை ஏற்கவில்லை.

---

கணக்குவாத்தியார்

இதில் ஒரு சால் தண்ணீரும் வராது. ஒற்றைப்பனை, கதை என்ன ஆயிற்று?

---

ஒற்றைப்பனை

நான்கு நாள் உட்கார்ந்து மாற்றினேன். ஐந்து ஏக்கர் நெல் போய்விட்டது. கண்ணில் நிறைந்த சாலும் போய்விட்டது. பஸ் மேடேறும் இடத்தை எடுத்துவிட்டு, கதையைக் காங்கேயம் பஸ் நிலையத்தில் முடித்திருக்கிறேன். வேட்டி நனைந்த பிறகு வரும் பகுதி இது.

*

"சால் கொட்டிய பிறகு?" என்றாள் யாழினி.

"மாடு திரும்பி வர வேண்டும்."

"திரும்பி ஓடி வருமா?"

"திரும்பாது. முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே நடந்து மேடேறும்."

"பொய். மாடு பின்னால் நடக்காது."

அப்புச்சி பதில் சொல்லவில்லை. காங்கேயம் வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நிலையத்துக்குள் நுழைந்த பஸ் வட்டமடித்து நின்றது. கண்டக்டர் கீழே குதித்துப் பின்பக்கம் ஓடினார். விசில் ஊதினார். பஸ் பின்னோக்கி நகர்ந்தது. "வரலாம், வரலாம், கொஞ்சம் இடது, வரலாம்." மேடான தளத்தில் சக்கரம் முனகிக்கொண்டு ஏறியது.

"கண்ணு, இவ்வளவு பெரிய பஸ்ஸுக்குப் பின்னால் கண் இருக்கிறதா?"

"இல்லை. விசில் கேட்டுத்தான் வருகிறது."

"எங்கள் மாட்டுக்கு நான்தான் விசில். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளுவேன். அம்மா அங்கே மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டு நிற்பாள். சாலுக்கு வால் தைத்தவர் சத்தம் சரியாக இருக்கிறதா என்று வரப்பில் நின்று கேட்பார்."

"அவர் பெயர் என்ன?"

அப்புச்சி யோசித்தார். பஸ் சுவரை ஒட்டி நின்றது. முன் இருக்கைக்காரர் ஈர வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். அப்புச்சி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

---

செக்கடித்தெரு

இப்போது முகம் சுளிக்கவில்லை. ஆனால் "ஏன் கவலை என்று பெயர்" என்ற கேள்வியைக் காணோமே?

---

ஒற்றைப்பனை

எடுத்துவிட்டேன். இங்கே நான்கு பேருக்கே தெரியாததை அப்புச்சி எப்படிச் சொல்வார்?

---

மேழிக்காரர்

மூக்கணாங்கயிற்றை இழுப்பது சரி. "பின்னால் தள்ளுவேன்" என்பதில் சின்னத் திருத்தம். ஆள் மாட்டைத் தள்ள மாட்டான். மாட்டின் முன்னால் நின்று, நெற்றிக்கு நேராகக் கை காட்டி, நாக்கைச் சொடுக்கிச் சத்தம் கொடுப்பான். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியவில்லை. நான் இப்போது அறையில் உட்கார்ந்து செய்து பார்த்தேன், பேரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்.

---

செம்மண்

பெயர் தெரியாமல் யோசிக்கும் இடத்தில் நிறுத்தியது சரி. பெயரைக் கண்டுபிடித்து நிரப்பிவிடாதீர்கள். ஒரே ஒரு சந்தேகம்: வரப்பில் நின்று சத்தம் கேட்க அவரைத் தோட்டத்துக்குள் விட்டிருப்பார்களா? தைத்து முடித்ததும் முதல் சால் இறைத்துப் பார்க்கும்வரை நிற்கச் சொல்வார்கள் என்று பாட்டி சொன்னார். அதை எழுதுங்கள், நம்பும்படி இருக்கும்.

---

ஒற்றைப்பனை

மாற்றிவிடுகிறேன் அக்கா.

---

பூவரசு

மானியம் பற்றி யாரும் சொல்லவில்லை.

---

கருவேலங்காடு

அப்பாவிடம் மறுபடி கேட்டேன். எங்கள் ஊரிலும் மாடு பின்னால்தான் நடக்கும், கழற்றித் திருப்பியதே இல்லை என்கிறார். அம்மா அடுக்களையிலிருந்து, "என் அப்பா வீட்டில் கழற்றித்தான் திருப்புவோம்" என்கிறார். இருவரும் ஒரு மணி நேரமாக விவாதிக்கிறார்கள். இரவுச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை.